கிருமியின் பெயர் மட்டும் போதாது, மரபணுவின் பெயரும் வேண்டும்

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் ஜோகூர் பாருவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டாம் நாள் இரவு பாட்டிக்குக் குளிர்காய்ச்சல். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள்தான் வெயில் சூடு என்று நினைத்துவிட்டோம். பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தோம்.

பாட்டிக்கு வயது 78. அதற்கு ஐந்து மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து, சிங்கப்பூரில் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அப்போது பக்கத்துப் படுக்கை நோயாளியிடம் மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பது தெரிந்து, அந்த அறையில் இருந்த எல்லாரையும் சோதித்தார்கள். பாட்டியின் குடலிலும் அது இருந்தது. வீடு திரும்பியபோது கொடுத்த சீட்டில் "மருந்தெதிர்ப்பு கிளெப்சியெல்லா" என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சீட்டை நான் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தேன். ஜோகூர் மருத்துவரிடம் அதைக் காட்டியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் படித்துப் பார்த்துவிட்டு மெரோபெனம் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார். மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து முதல் தகவல் வந்தது. சிறுநீரில் வளர்வது கிளெப்சியெல்லா இல்லை, ஈ.கோலை. எங்களுக்கெல்லாம் ஓர் ஆறுதல். பழைய கிருமி இல்லை, இது சாதாரணமானது என்று மாமா உறவினர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பினார். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் முழு அறிக்கை வந்ததும் வேறொரு மூத்த மருத்துவர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்: "சிங்கப்பூரில் எந்த மரபணு என்று சொன்னார்களா? கேபிசியா, என்டிஎம்மா, ஆக்ஸா-48-ஆ?"

யாருக்கும் தெரியவில்லை. நான் உயிரியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்த மூன்று பெயர்களையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள். என் சொந்தப் பாட்டிக்கு அதில் எது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்த மூன்று நாள் ஏன் வீணானது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். அங்கே யாரும் அலட்சியமாக இல்லை. எங்கள் சீட்டில் இருந்த பெயர்தான் தப்பான பெயர்.

மெரோபெனம் கார்பபெனம் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெனிசிலினின் தூரத்து உறவு. வழக்கமான மருந்துகள் தோற்றபிறகு மருத்துவர்கள் கையிலெடுப்பது இதைத்தான். கிளெப்சியெல்லாவில் பல வகை மருந்தெதிர்ப்பு உண்டு. அவற்றுள் மிகப் பரவலான ஒரு வகை, பெரும்பாலான மருந்துகளை உடைத்தாலும் கார்பபெனத்தை உடைக்காது. "மருந்தெதிர்ப்பு கிளெப்சியெல்லா" என்று மட்டும் படித்த மருத்துவர் அந்தப் பரவலான வகையை நினைத்து மெரோபெனம் கொடுத்தது பாடப்புத்தகப்படி சரி. பாட்டியிடம் இருந்ததோ கார்பபெனத்தையும் வெட்டும் நொதியை உருவாக்கும் மரபணு. அதன் பெயர் ஆக்ஸா-48. ஐந்து மாதம் முன்பு கிளெப்சியெல்லாவில் இருந்ததும் அதுதான், ஜோகூரில் ஈ.கோலையில் இருந்ததும் அதுதான். சிங்கப்பூர் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபிறகுதான் இது தெரிந்தது.

இரண்டு வேறு கிருமிகளில் ஒரே மரபணு எப்படி வந்தது?

பாக்டீரியாவின் முக்கியமான மரபணுக்களெல்லாம் அதன் பெரிய குரோமோசோமில் இருக்கும். கிளெப்சியெல்லாவுக்கு அது ஏறக்குறைய 53 லட்சம் எழுத்து நீளம். இது தவிர, தனியே மிதக்கும் சிறு மரபணு வளையங்களும் இருக்கலாம். இவற்றுக்குத்தான் பிளாஸ்மிட் என்று பெயர். ஆக்ஸா-48 மரபணுவைச் சுமக்கும் வளையம் ஏறத்தாழ 65,000 எழுத்துதான், குரோமோசோமில் எண்பதில் ஒரு பங்கு. ஆனால் இந்தச் சிறிய வளையம் தன்னை வேறொரு பாக்டீரியாவுக்குக் கடத்திக்கொள்ளும் கருவிகளையும் தானே சுமந்து வருகிறது. அந்தக் கருவிகளின் உதவியால் பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டிப் பக்கத்துப் பாக்டீரியாவைத் தொடுகிறது. வளையத்தின் இரண்டு இழைகளில் ஒன்று ஓரிடத்தில் வெட்டப்பட்டு, நூல்கண்டு பிரிவதுபோல் பிரிந்து அந்தப் பக்கம் போகிறது. பிறகு இரண்டு பக்கமும் தத்தம் ஒற்றை இழைக்கு இணை இழையை எழுதிக்கொள்கின்றன. கொடுத்தவரிடமும் முழு வளையம், வாங்கியவரிடமும் முழு வளையம். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் பாடக்குறிப்பு அனுப்பினால் நம்மிடமிருந்து அது போய்விடுவதில்லையே, அப்படித்தான்.

வாங்கிக்கொள்பவர் அதே இனமாக இருக்கவேண்டும் என்ற அவசியமும் இல்லை. கிளெப்சியெல்லாவும் ஈ.கோலையும் குடலில் அக்கம்பக்கத்தில் வாழும் உறவினர்கள். அவை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும்.

ஆக்ஸா-48-இன் கதை இங்கே விநோதமானது. இதன் மூதாதை நீர்நிலைகளில் வாழும் ஷெவனெல்லா என்ற பாக்டீரியாவின் குரோமோசோமில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குதிக்கும் மரபணுத் துண்டோடு சேர்ந்து வெளியேறி, இந்தப் பிளாஸ்மிட்டில் வந்து ஒட்டியது. மருத்துவ உலகம் முதலில் பார்த்தது 2001-இல் இஸ்தான்புல் நோயாளி ஒருவரின் கிளெப்சியெல்லாவில். அது ஒட்டிய இடம்தான் விஷயம். பிளாஸ்மிட்டிலேயே, தன் கைமாற்றத்தை அளவோடு வைத்திருக்கும் மரபணு ஒன்று உண்டு, வண்டியின் பிரேக் மாதிரி. குதித்து வந்த துண்டு சரியாக அந்த மரபணுவின் நடுவில் விழுந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. விளைவாக இந்த வளையம் முன்பைவிடப் பல பத்து மடங்கு வேகமாகக் கைமாறுகிறது. மருந்தெதிர்ப்பைக் கொண்டுவந்த அதே விபத்து பிரேக்கையும் அறுத்துவிட்டது. பாடத்தில் இதைப் படித்த அன்று பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

இது சோதனைக் குழாயில் மட்டும் நடக்கும் வேடிக்கை இல்லை. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ஒரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் 9,000-க்கும் அதிகமான நோயாளிகளின் தகவல்களைத் திரட்டி, அவர்களிடமிருந்து எடுத்த 250 பாக்டீரியா மாதிரிகளின் மரபணு வரிசையை முழுமையாகப் படித்திருக்கிறார்கள். ஆய்வு 2021-இல் நேச்சர் மைக்ரோபயாலஜி இதழில் வந்தது. அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஆக்ஸா-48 வளையம் எங்கே எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு நோயாளியின் கிளெப்சியெல்லாவிலும் ஈ.கோலையிலும் ஒரே வளையம் இருந்தால், அது அவர் குடலுக்குள்ளேயே கைமாறியதா, இரண்டு கிருமிகளும் தனித்தனியாக வந்தனவா என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் பிடித்த வழி நம் ஆசிரியர்கள் பிடிக்கும் வழிதான். இரண்டு மாணவர்கள் சரியான விடையை ஒரே மாதிரி எழுதினால் ஒன்றும் நிரூபிக்க முடியாது. வேறு யாரும் செய்யாத ஒரே எழுத்துப்பிழையை இருவரும் செய்திருந்தால்? சில வளையங்களில் அபூர்வமான ஓரெழுத்து மாற்றங்கள் இருந்தன. அதே அபூர்வ மாற்றம் ஒரே நோயாளியின் இரண்டு வேறு இனக் கிருமிகளில் இருந்தபோது, உள்ளேயே கைமாறியது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அவர்கள் முடிவு இரண்டு பகுதி. நோயாளியிடமிருந்து நோயாளிக்குப் போவது பெரும்பாலும் கிளெப்சியெல்லா. ஆனால் ஒருவர் குடலுக்குள் போனபிறகு, வளையம் அங்குள்ள மற்ற பாக்டீரியாக்களுக்குத் தாவுவது ஏறக்குறைய ஒவ்வொருவரிடமும் நடக்கிறது.

பாட்டியின் கிருமிகளை யாரும் இந்த அளவுக்கு வரிசைப்படுத்திப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மாட்ரிட் ஆய்வைப் படித்தபிறகு எங்கள் வீட்டில் நடந்த ஒன்று என்னை உறுத்துகிறது. ஜோகூரில் இரண்டாவது கிருமி என்று கேள்விப்பட்டதும், "வீட்டில் சுத்தம் இல்லை" என்று பேச்சு கிளம்பியது. பேச்சு வந்து நின்றது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா மேல். பாட்டியைக் குளிப்பாட்டுவதும் கழிவறைக்கு அழைத்துப் போவதும் அவர்தான். அவர் அழுததை நான் பார்த்தேன். புதிய கிருமி எதுவும் வெளியிலிருந்து வந்திருக்கவே தேவையில்லை. பாட்டியின் குடலில் பல வருடமாகச் சாதுவாக இருந்த ஈ.கோலைக்கே அந்த வளையம் கிடைத்திருக்கலாம். நான் இதை விளக்கியபோது மாமா மன்னிப்புக் கேட்டார், கொஞ்சம் தாமதமாக. பாட்டி மட்டும், "பல்லுப் போன வயசுல என் வயித்துக்குள்ள இவ்வளவு கொடுக்கல் வாங்கலா!" என்று சிரித்தார்.

சரி, மரபணுவின் பெயர் தெரிந்தால் என்ன மாறும்? மருந்தே மாறும்.

மூன்றாம் நாள் பாட்டிக்குக் கொடுத்தது செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து. இதில் செஃப்டாசிடிம் கிருமியைக் கொல்லும், அவிபாக்டம் கிருமியின் நொதியில் போய் அடைத்துக்கொண்டு அதை முடக்கும். ஆக்ஸா-48-ஐயும் கேபிசியையும் அவிபாக்டம் முடக்கும். இதே பாணியில் வேறு இரண்டு புதிய கூட்டு மருந்துகள் இருக்கின்றன, மெரோபெனம்-வாபோர்பாக்டம், இமிபெனம்-ரெலெபாக்டம். இரண்டும் கேபிசிக்கு எதிராக நல்லவை. ஆக்ஸா-48 முன்னால் அவற்றின் கூட்டாளிகள் பயனற்றவை, ஏனென்றால் அந்த நொதியின் வாயில் அவை பொருந்துவதில்லை. விலை உயர்ந்த, புத்தம்புது, "கடைசி ஆயுதம்" என்று பெயர் வாங்கிய மருந்தாக இருந்தாலும் தவறான நொதிக்குக் கொடுத்தால் வெறும் உப்புநீர் ஏற்றியதற்கு அதிகம் வித்தியாசமில்லை.

என்டிஎம் என்றால் கதையே வேறு. இந்த நொதி துத்தநாக அணுக்களை வைத்து வேலை செய்கிறது, அவிபாக்டம் அதைத் தொடவே முடியாது. ஆனால் ஆஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை என்டிஎம்மால் உடைக்க முடியாது. அப்படியானால் அதையே கொடுக்கலாமே என்று தோன்றும். என்டிஎம் உள்ள கிருமிகளில் வழக்கமாக வேறு நொதிகளும் குடியிருக்கும், அவை ஆஸ்ட்ரியோனத்தை உடைத்துவிடும். அந்த மற்ற நொதிகளை முடக்க அவிபாக்டத்தால் முடியும். ஆகவே ஆஸ்ட்ரியோனத்தையும் அவிபாக்டத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரே மருந்தாகக் கலந்த வடிவத்துக்கு ஐரோப்பாவில் 2024-இலும் அமெரிக்காவில் 2025-இலும் அனுமதி கிடைத்தது. இரும்புச்சத்தைத் தேடும் கிருமியின் பசியைப் பயன்படுத்தி, இரும்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் செஃபிடெரொகால் என்ற மருந்தும் உண்டு. அதற்கும் எதிர்ப்பு தோன்றத் தொடங்கிவிட்டது.

இவற்றுக்கு அப்பால் மிஞ்சுவது கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பல காலம் ஒதுக்கி வைத்திருந்து, வேறு வழியில்லாமல் மீண்டும் எடுத்த பழைய மருந்து. 2015-இல் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கொலிஸ்டினுக்கு எதிரான மரபணு ஒன்றைக் கண்டார்கள். எம்சிஆர்-1 என்ற அந்த மரபணு இருந்ததும் பிளாஸ்மிட்டில்தான். அங்கே கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் தாராளமாகக் கலந்துவந்தார்கள். மலேசியா தீவனத்தில் கொலிஸ்டினுக்கு 2019-இல் தடை போட்டது. நாம் சாப்பிடும் கோழிக்குப் போடும் மருந்தும் பாட்டியின் கடைசி மருந்தும் ஒன்றாக இருந்ததை நினைத்தால் அந்தத் தடையின் அருமை புரியும்.

மரபணுவைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமா? இல்லை. கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் மூக்கில் குச்சி விட்டுக் கோடு தெரிகிறதா என்று பார்த்த ஏஆர்டி கருவி நினைவிருக்கிறதா? அதே வகைப் பட்டை இந்த நொதிகளுக்கும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த கிருமியை எடுத்துக் கரைத்து விட்டால், ஆக்ஸா-48, கேபிசி, என்டிஎம் என்று எதற்குக் கோடு வருகிறது என்று கால் மணி நேரத்தில் தெரியும். கிருமி வளர ஒரு நாளாவது வேண்டும், அதுதான் தாமதம். சோதிக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றவும் வேண்டும். ஆக்ஸா-48 கார்பபெனத்தை மெதுவாகத்தான் வெட்டுகிறது, அதனால் வழக்கமான பரிசோதனையில் கிருமி சில சமயம் மருந்துக்கு அடங்குவதுபோலவே காட்டும். முன்கூட்டியே பெயர் தெரிந்திருந்தால் முதல் நாளே பட்டையை எடுத்திருப்பார்கள்.

ஆகவே என் வாதம் இதுதான். சோதனையில் கார்பபெனத்துக்கு அடங்காத கிருமி இருப்பதாகத் தெரிந்த ஒவ்வொருவருக்கும், வீடு திரும்பும்போது கொடுக்கும் சீட்டில் மரபணுவின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெரியும். நோயாளிக்குப் புரியாது என்று அதை விட்டுவிடுகிறார்கள். நோயாளிக்குப் புரியவேண்டியதில்லை, அடுத்து அவரைப் பார்க்கும் மருத்துவருக்குப் புரிந்தால் போதும்.

இதற்கு எதிராக மூன்று விஷயம் சொல்லக் கேட்டிருக்கிறேன். மருத்துவமனைக் கணினிகளில்தான் எல்லாம் இருக்கிறதே என்பது முதலாவது. இருக்கலாம். பாலம் தாண்டினால் அந்தக் கணினி இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் ஜோகூருக்கும் பினாங்குக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள்.

இரண்டாவது, குடலில் இருப்பது காலப்போக்கில் போய்விடலாம், பழைய சீட்டு மருத்துவரைத் தவறான வழியில் செலுத்தாதா? பலருக்கு மாதக்கணக்கில் குறைந்து மறைவது உண்மை. ஆனால் எல்லாருக்கும் அல்ல. இந்த வளையத்தைச் சுமப்பது சில பாக்டீரியாக்களுக்குப் பாரமாக இருக்கிறது, அவை கைவிட்டுவிடும். சிலவற்றுக்கு எந்தப் பாரமும் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டால் எதிர்ப்பும் தானே உதிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அதனால்தான் எப்போதும் பலிப்பதில்லை. தேதி எழுதச் சொல்வது இதற்காகத்தான். தேதியைப் பார்த்து எவ்வளவு நம்பலாம் என்று மருத்துவர் முடிவு செய்வார்.

மூன்றாவது வாதத்தைத்தான் நான் மதிக்கிறேன். இப்படி எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் ஒதுக்கிவைப்பார்கள் என்பது. பாட்டியைத் தனியறைக்கு மாற்றித் தாதியர் மேலங்கி அணிந்து வந்தபோது, "என்ன, எனக்குத் தொழுநோயா?" என்று அவர் கேட்டதை நான் மறக்கவில்லை. அத்தை தன் பிள்ளைகளை இரண்டு மாதம் கூட்டி வரவில்லை. குடலில் கிருமி தங்கியிருப்பது நோய் அல்ல, அதற்கு மருந்தும் கொடுப்பதில்லை. மேலங்கி பாட்டிக்காக அல்ல, பக்கத்துப் படுக்கையில் குழாய்களோடும் ஆறாத புண்ணோடும் இருப்பவருக்காக. வீட்டில் பேரப்பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளத் தடை இல்லை. கழிவறைக்குப் போய்வந்தபின்னும் சமைக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். இதை ஒரு தாதி ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதம் நடந்திருக்காது. பெயரை மறைப்பதால் பயம் குறையவில்லை, எங்கள் வீட்டில் அது கூடத்தான் செய்தது.

பெயர்களால் மனம் புண்படும் என்பதற்கு என்டிஎம்மே சாட்சி. அதில் உள்ள "என்டி" புதுடில்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக 2010-இல் லான்செட் குழும இதழில் வெளியிட்ட ஆய்வு, சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் அந்த மரபணு பரவியிருப்பதைக் காட்டியது. இந்தியாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது, ஊர்ப்பெயரை வைத்தது நியாயமா என்று. நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பெயரைப் பற்றிய சண்டையில், அது ஒரே கிருமி அல்ல, பல கிருமிகளுக்குள் தாவும் மரபணு என்ற முக்கியச் செய்தி பலர் காதில் விழவில்லை.

ஜனவரியில் பாட்டியின் மறுபரிசோதனைக்கு நானும் போனேன். மருத்துவரிடம் கேட்டு ஒரு சிறிய அட்டையில் எழுதி வாங்கினேன். ஆக்ஸா-48. கண்டறிந்த இரண்டு தேதிகள், எந்தக் கிருமியில் என்பது, எந்த மருந்து வேலை செய்தது என்பது. நான்கே வரி. பாட்டி அதைக் கைப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால், முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். அடுத்த சோதனை ஜூலையில். முடிவு எப்படி வந்தாலும் அந்த அட்டையில் ஐந்தாவது வரி ஒன்று சேரும்.